கோத்தகிரி மனைக்குத் தடுப்புச் சுவர்

அன்புள்ள சேகர்,

மேஸ்திரி கொடுத்த எஸ்டிமேட்டைப் பார்த்தேன். சுவருக்குப் பின்னால் மண்ணுக்குள் போகும் அடித்தளத்தை 1.2 மீட்டரிலிருந்து 80 சென்டிமீட்டராகக் குறைத்தால் தோண்டும் கூலி மிச்சம் என்கிறார். அதற்கு மட்டும் ஒத்துக்கொள்ளாதே.

அடித்தளத்தோடு சேர்த்து உயரம் 3 மீட்டர். கன மீட்டருக்கு 1.8 டன் என்று மண்ணை எடுத்துக்கொண்டால், ஒரு மீட்டர் நீளச் சுவரை அது ஏறக்குறைய 2.7 டன் விசையோடு வெளியே தள்ளும். நான் போட்டது 2 மீட்டர் அகல அடித்தளம்: முன்பக்கம் 50 செ.மீ., சுவர் 30, பின்னால் 1.2 மீட்டர். சுவர், அடித்தளம், அதன் மேல் உட்காரும் மண் எல்லாம் சேர்ந்து 9 டன். அதில் மண் மட்டுமே கிட்டத்தட்ட 6 டன். பாதி எடை உராய்வாக நின்று பிடித்தால் 4.5 டன், அதாவது தள்ளும் விசைபோல் 1.67 மடங்கு. மேஸ்திரி கணக்கில் இது 1.25-க்கு இறங்கிவிடும், 1.5 வேண்டும். சுவரைப் பிடித்து நிறுத்துவதே அந்தப் பின்மண்தான்.

மீட்டருக்கு கான்கிரீட்: அடித்தளம் 0.6 கன மீட்டர், மேலே 20 செ.மீ.க்குக் குறுகும் சுவர் 0.675. கான்கிரீட் தரம் எம்25 போதும். கம்பி 58 கிலோ வரும். 12 எம்எம் நிற்கும் கம்பி 20 செ.மீ.க்கு ஒன்றாக 16 கிலோ, அடித்தள மேல்வரிசை 10, 8 எம்எம் குறுக்கும் நெடுக்குமாக 29, கம்பிகளை ஒன்றோடொன்று சேர்த்துக் கட்டும் லேப்புக்கு 3. உன் 12 மீட்டருக்கு 15.3 கன மீட்டரும் 700 கிலோவும். சேதாரம் தனி.

கம்பி கட்டும் அன்று நீ அங்கே இரு. 12 எம்எம் கம்பி மண் பக்கம்தான் நிற்க வேண்டும். கீழே வளைந்து முன்பக்க அடித்தளத்துக்குள் போக வேண்டும். சுவர் வெளியே சாயப் பார்க்கும்போது இழுபடுவது மண் பக்க முகம். ஒரு வேலையில் பார்வைக்குத் தெரியும் பக்கம் கட்டிவிட்டு, "கம்பி கம்பிதானே சார்" என்றார்கள். மொத்தமும் அவிழ்த்தோம். கம்பி கான்கிரீட் முகத்தை ஒட்டாமல் இருக்க வைக்கும் கவர் பிளாக் 50 எம்எம்.

இந்தக் கணக்கு முழுக்க மண் வடிந்திருக்கிறது என்ற நம்பிக்கையில் போட்டது. ஐப்பசி மழையில் பின்னால் தண்ணீர் தேங்கி நின்றால் தள்ளுவிசை ஐந்தரை டன்னைத் தாண்டும், உராய்வு 4.5-தான். சுவரை ஒட்டி ஒரு அடி அகலத்துக்கு ஜல்லி நிரப்பு, மண் கலக்காமல் ஜியோ துணி விரி, ஒன்றரை மீட்டருக்கு ஒரு வடிகுழாய் வை. குழாய் வறண்டிருக்க, சுவர் முகத்தில் ஈரத்திட்டு தெரிந்தால் அடைத்துக்கொண்டது என்று அர்த்தம்.

மேலே கார் நிறுத்துவதாக இருந்தால் இப்போதே சொல், வேறு கணக்கு. முன்பக்க 50 செ.மீ. கீழ்வீட்டுக்காரர் எல்லைக்குள் போகாதபடி சுவரை உள்ளே தள்ளிக் குறி. அளந்துவிட்டுக் கூப்பிடு.

அன்புடன்,
முரளி