கொப்பியில் எழுதாத பணம்

அன்பு மகளுக்கு,

நீ கேட்டதற்குத் தொலைபேசியிலேயே பதில் சொல்லியிருக்கலாம். பக்கத்துக் காம்பராவில் தும்மினாலும் கேட்கிற லயத்தில் இருந்துகொண்டு இதையெல்லாம் எப்படிப் பேசுவது? அதனால் எழுதுகிறேன்.

கடை மாமாவின் மகன் முச்சக்கர வண்டி வாங்க உங்கள் வங்கிக் கிளையில் கடன் கேட்டிருக்கிறான். முன்பு எடுத்த கடனில் தவணை தவறியது கிரிப் என்கிற கடன் தகவல் அறிக்கையில் வந்துவிட்டது. "நீதானே அங்கே இருக்கிறாய், பார்த்துச் செய்" என்று மாமா சொன்னார். மாமி ஒருபடி மேலே போய், "உன்னைப் படிக்க வைத்தவர்கள் நாங்கள்" என்றும் சொல்லிவிட்டார். மறுத்தால் நன்றி கெட்டவள் ஆகிவிடுவேனா என்று கேட்கிறாய்.

நீ பேராதனைப் பல்கலைக்கழகத்துக்குத் தெரிவானபோது விடுதிக்கும் உடுப்புக்கும் கையில் காசு இல்லை. மகாபொல உதவிப்பணம் வருவதற்குள் படிப்பே நின்றுவிடும்போல இருந்தது. (அது அரசு தரவேண்டிய பணம். அதற்கு எந்த மந்திரிக்கும் மாலை போடத் தேவையில்லை.) மாமா 15,000 ரூபாய் கொடுத்தார். அவருடைய கடன் கொப்பி உனக்குத் தெரியும். கால் கிலோ சீனி வாங்கினாலும் காதில் செருகிய பென்சிலை எடுத்து எழுதிவிட்டுத்தான் பொட்டலத்தை நீட்டுவார். அன்று நான் கொப்பியைப் பார்த்தேன். அவர் அதைத் திறக்கவே இல்லை.

எழுதியிருந்தால் அது கடன். கடனைக் கேட்க அவருக்கு உரிமை உண்டு, கட்டினால் கணக்கும் முடிந்துவிடும். எழுதாத பணத்தை உரிமையாகக் கேட்க முடியாது, கொடுத்துக் கணக்குத் தீர்க்கவும் முடியாது. அதனால்தான் அந்த 15,000 ரூபாயை வட்டியோடு கொண்டுபோய் வைத்துவிடலாமா என்று நீ சொன்னது எனக்குப் பிடிக்கவில்லை. அது அவரைக் கடன் கொடுத்தவராக்கிவிடும். சீக்கிரம் கைகழுவிவிட வேண்டும் என்ற அவசரத்தில் நன்றி இல்லை.

உதவியின் பெயரால் ஆளைக் கட்டிப்போட்ட காலத்தை நம் ஆட்கள் நன்றாகவே பார்த்திருக்கிறார்கள். இந்தியாவிலிருந்து கூட்டிவந்த வழிச்செலவும் சோறும் துணியும், ஆள் சேர்த்து வேலை வாங்கிய கங்காணியின் கணக்கில் முற்பணமாக ஏறும். வேறு தோட்டத்துக்குப் போக வேண்டுமானால் 'துண்டு' வேண்டும். இவ்வளவு கடனைக் கட்டினால் இந்த ஆட்களை விடுவோம் என்று தோட்டத்தில் எழுதிக் கொடுக்கும் சீட்டு அது. புதிய தோட்டம் அந்தப் பணத்தைக் கொடுத்து ஆட்களை எடுக்கும். கடன் தீராது, அவர்களோடு கூடவே அடுத்த தோட்டத்துக்குப் போகும். 1921-இல்தான் சட்டம் போட்டுத் துண்டை ஒழித்தார்கள். அந்தக் கங்காணிகளும் "உங்களுக்குச் சோறு போட்டவன் நான்" என்றுதான் பேசினார்கள் என்று அப்பாயி சொல்லுவார்.

மாமா கங்காணி இல்லை. இத்தனை வருடத்தில் அவர் உன்னிடம் எதுவும் கேட்டதில்லை. மகன் விஷயத்தில் தகப்பனுக்குப் புத்தி கொஞ்சம் தடுமாறும், அவ்வளவுதான். மாமி சொன்னதைப் பெரிதாக எடுக்காதே. ஆனால் மாமா கேட்டது உன்னுடையதா என்று பார். வங்கியில் இருப்பது ஊரார் போட்ட பணம். அறிக்கையைக் கண்டும் காணாமல் நீ கையெழுத்து வைத்தால், உன் நன்றிக்கடனை அவர்கள் பணத்தில் அடைக்கிறாய். அந்தப் பையன் மறுபடியும் தவணை தவறினால் வண்டியைப் பிடிப்பார்கள், பிணை நின்றவரிடம் போவார்கள், உன் வேலையும் கேள்வியாகிவிடும். மாமாவுக்கு இதில் என்ன நன்மை?

அதனால் அதை மறுத்துவிடு. தொலைபேசியில் சொல்லாதே, வீட்டுக்குப் போய்ச் சொல். மறுத்ததோடு எழுந்து வந்துவிடவும் கூடாது. பையனை உட்காரவைத்துப் பழைய பாக்கி எவ்வளவு, எந்த நிறுவனத்துக்கு என்று பார். அதைக் கட்டி முடித்துக் கடிதம் வாங்கினால் அறிக்கையில் என்ன மாறும், எத்தனை மாதம் பொறுத்துத் திரும்ப விண்ணப்பிக்கலாம் என்பதெல்லாம் உனக்குத்தான் தெரியும். அந்தப் பாக்கியில் ஒரு பங்கை உன் சம்பளத்திலிருந்து கொடு. எவ்வளவு என்று நான் சொல்லமாட்டேன். 15,000-க்கு இத்தனை மடங்கு என்று மட்டும் கணக்குப் பார்க்காதே, உன் வீட்டு அடுப்பை அணைத்துவிட்டும் கொடுக்காதே. கொடுத்ததை நீயும் எங்கும் எழுதிவைக்காதே.

யாரோ ஒரு ஏழைப் பிள்ளையைப் படிக்கவைத்தால் மாமாவுக்குச் செய்ததுபோல ஆகிவிடும் என்று உன் தம்பி சொல்கிறான். நல்ல காரியம், செய்யட்டும். ஆனால் மாமா இங்கேதான் இருக்கிறார். கண்ணுக்குப் புரை விழுந்து, கொப்பியில் எழுதியதையே வாசிக்க முடியாமல் வருகிறவர்களிடம் கொடுத்து வாசிக்கச் சொல்கிறார். அவரைத் தாண்டிப் போய் ஊருக்குச் செய்வது நமக்கு வசதி. கேள்வி கேட்க ஆள் இருக்காது.

தைப்பொங்கலுக்கு வரும்போது ஹட்டனில் பஸ்ஸை விட்டு இறங்கியதும் முதலில் கடைக்குப் போ. கண்டி ஆஸ்பத்திரியில் கண் கிளினிக்குக்கு அவரை யார் கூட்டிப்போவது என்று கேள். மகனுக்கு நேரமில்லை என்பார்கள். நீ லீவு போட முடிந்தால் போடு. இனிப்பு எதுவும் வாங்கிப் போகாதே, அவருக்குச் சீனி வருத்தம்.

அம்மா