அம்மா திருப்பூருக்கு வரமாட்டாங்க: தங்கச்சிக்கு ஒரு கடிதம்

அம்மிணி,

முடிவை முதல்லயே சொல்லிப்போடறேன். நீ புது வேலைக்குப் போறதுக்காக அம்மா கோபிச்செட்டிபாளையத்தை விட்டுட்டு உன் வீட்டுல வந்து தங்கப்போறதில்லை. அம்மாவும் நானும் உட்கார்ந்து பேசித்தான் இதைச் சொல்றேன். போன்ல சொன்னா நீ அழுவே, நான் "சரி சரி, பார்த்துக்கலாம்"னு இறங்கிப்போயிடுவேன். அதான் எழுதறேன். ஒறம்பரைக நாலு பேர் இதைப் படிப்பாங்கன்னு தெரியும். கம்பெனி பேர், ஊர்க்கதை எல்லாம் அதனால வேண்டாம்.

பொங்கல் நோம்பிக்கு வந்தப்ப திண்ணையில உட்கார்ந்து அந்த ஆஃபர் லெட்டரைச் சத்தமா படிச்சியே, அது கண்ணுலயே நிக்குது. சம்பளம் 32,000னு வந்ததும் தாளை மடிச்சு வெச்சுட்டே. ரெண்டாம் பக்கத்தைப் புரட்டவே இல்லை. அம்மா சின்னவனை இடுப்புல வெச்சுட்டு நின்னுட்டிருந்தாங்க. இந்த இடுப்புல இருந்து அந்த இடுப்புக்கு மாத்தறப்ப ஒரு கையால திண்ணைத் தூணைப் பிடிச்சாங்க. நீ நிமிர்ந்து பார்த்து, "அதான் அம்மா இருக்காங்கல்ல"ன்னு சொன்னே. அம்மாகிட்ட கேட்கவே இல்லை. சொன்னே.

அந்த ரெண்டாம் பக்கத்துலதான் விஷயமே இருக்கு. வேலை நேரம் காலை 8.30 முதல் மாலை 5.30 வரை, அதுக்குக் கீழேயே "பணியின் தேவைக்கேற்ப மாறும்"னு ஒரு வரி. பனியன் கம்பெனிக்கு ஆள் எடுக்கிற வேலையில இருக்கிறவ நான், அந்த வரிக்கு என்ன அர்த்தம்னு சொல்றேன். நீ போறது மெர்ச்சண்டைசர் வேலைக்கு, சரக்கு வாங்கற வெளிநாட்டு பையரோட பேசி ஆர்டரைக் கடைசி வரைக்கும் பார்த்துக்கிற வேலை. அந்த நேரத்தை உங்க கம்பெனி தீர்மானிக்கிறதில்லை. பையர் எந்த ஊர்ல இருக்கான்ங்கிறதுதான் தீர்மானிக்கும். ஜெர்மனி பையர்னா அவனோட சாயங்காலம் அஞ்சு மணி, நமக்கு வெயில் காலத்துல ராத்திரி எட்டரை. அக்டோபர் கடைசியில அவங்க கடிகாரத்தைத் திருப்பி வெச்சதுக்கப்புறம் மார்ச் கடைசி வரைக்கும் அதுவே ஒன்பதரை. நியூயார்க் பையர்னா அவன் ஆபீஸுக்கு வர்றதே நமக்கு ஆறரை, ஏழரை மணிக்குத்தான். அதனால கம்பெனிக்காரங்ககிட்ட "ஓவர்டைம் இருக்குமா"ன்னு கேட்காதே, "எப்பவாவதுங்க"ன்னு சொல்லிடுவாங்க. "எனக்கு எந்த பையர் தருவீங்க, போன சீசன்ல அந்த அக்கவுண்ட்டை யார் பார்த்தாங்க, அவங்க இப்ப எங்கே"ன்னு கேளு. மூணாவது கேள்விக்கு வர்ற பதில்லயே பாதி தெரிஞ்சுடும்.

அதுக்கு மேல ஷிப்மெண்ட் வாரம். டையிங்ல ரெண்டு நாள், பிரிண்டிங்ல ரெண்டு நாள்னு தள்ளிப்போன சரக்கெல்லாம் கடைசியா வந்து விழறது பேக்கிங்லயும் இன்ஸ்பெக்‌ஷன்லயும்தான். தூத்துக்குடிக்குப் போற கண்டெய்னருக்கு கட்-ஆஃப் தேதி மாறாது. ஃப்ளோர்ல ஒன்றரை ஷிப்ட் ஓடறப்ப மெர்ச்சண்டைசர் அஞ்சரைக்குப் பையைத் தூக்கிட்டுக் கிளம்பி நான் பார்த்ததில்லை. ஐரோப்பாவோட வெயில் காலச் சரக்கு நம்ம ஊர்ல இருந்து கிளம்பறது பெரும்பாலும் டிசம்பர்ல இருந்து மார்ச்சுக்குள்ள. பெரியவளோட பரீட்சையும் அதை ஒட்டித்தான் வரும், நினைப்புல வெச்சுக்கோ. இதுக்கெல்லாம் மேல ஒரு சுலபமான சோதனை இருக்கு. ஒரு சனிக்கிழமை ராத்திரி ஏழு மணிக்கு அந்தக் கம்பெனி கேட்டுக்கு எதிர்ல இருக்கிற பேக்கரியில ஒரு டீ குடி. ஆபீஸ் மாடியில லைட் எரியுதான்னு பாரு, வெளியில வர்ற பொம்பளைக யாருன்னு பாரு. கைக்குழந்தைக்காரி ஒருத்தி கூட அந்த நேரத்துல வரலைன்னா, அவளுக அஞ்சரைக்கே போயிட்டாளுகளா, இல்லை அங்கே வேலைக்கே இல்லையான்னு செக்யூரிட்டி அண்ணன்கிட்ட கேட்டா சொல்லிடுவார்.

லீவுக் கணக்கு இன்னும் மோசம். வருஷத்துக்கு 12 நாள் கேஷுவல் லீவுன்னு போட்டிருக்கு, ஆனா முதல் ஆறு மாசம் ப்ரொபேஷன், அதுல லீவு கிடையாது. இருபது நாள் வேலைக்கு ஒரு நாள்னு சேர்ற ஈட்டிய விடுப்பும் சேர்ந்த உடனே கைக்கு வராது. டே கேருக்குப் புதுசா போற ரெண்டு வயசுக் குழந்தைக்கு வருஷத்துல ஆறேழு தடவை சளி, காய்ச்சல் வர்றது சாதாரணம். உடம்பு சுட்டா எந்த டே கேர்லயும் உள்ள விடமாட்டாங்க, விடவும் கூடாது. ஒரு தடவைக்கு ரெண்டு நாள்னு வெச்சாலே 14 நாள் ஆச்சு. சின்னவன் தேறின அன்னைக்குப் பெரியவள் படுப்பாள், அது தனி. அதுவும் முதல் சில மாசத்துலதான் ஜாஸ்தியா வரும், ப்ரொபேஷன்லயே. அப்புறம் சனியும் திங்களும் லீவு போட்டா நடுவுல ஞாயிறையும் லீவுல சேர்க்கறாங்களான்னு கேளு. மூணு தடவை லேட்டா வந்தா அரை நாள் வெட்டறாங்களா, ஒரு மணி நேர பர்மிஷன் மாசத்துக்கு எத்தனை, அரை நாள் லீவு உண்டா, இதையும் கேளு. குழந்தைக்காரிக்கு முழு நாள் லீவை விட பர்மிஷனும் அரை நாளும்தான் அதிகம் வேண்டியிருக்கும். தடுப்பூசிக்கு ஒரு முழு நாள் எதுக்கு?

"கம்பெனியிலயே காப்பகம் இருக்குதுக்கா"ன்னு சொன்னே. இருக்கணும். ஐம்பது பேரும் அதுக்கு மேலயும் வேலை செய்யற இடத்துல காப்பக வசதி தரணும், அம்மாக்காரி நாளைக்கு நாலு தடவை போய்ப் பார்க்கலாம்ங்கிறது சட்டம். ஆனா பையரோட ஆடிட்டுக்காகத் திறந்து வெச்ச காப்பகம் ஒண்ணு, குழந்தைக இருக்கிற காப்பகம் ஒண்ணுன்னு ரெண்டு ரகம் இருக்கு. சொல்லாம கொள்ளாம மத்தியானம் மூணு மணிக்குப் பார்க்கணும்னு கேளு. சுவத்துல கார்ட்டூன் படம் இருந்து, பொம்மையெல்லாம் பிளாஸ்டிக் கவர் பிரிக்காம இருந்தா முதல் ரகம். பாய்ல மூத்திர வாடை, ஒரு மூலையில காயற ஜட்டி, தூங்கற குழந்தைக்கு விசிறிட்டு ஓர் ஆயா இருந்தா ரெண்டாவது ரகம், அங்கே தைரியமா விடலாம். வருகைப் பதிவு நோட்டை வாங்கி இன்னைக்கு எத்தனை குழந்தைன்னு பாரு. ஆயா லீவு போட்டா யார் வருவாங்கன்னு கேளு. முக்கியமா எத்தனை மணிக்குப் பூட்டுவாங்கன்னு கேளு. நிறைய இடத்துல ஆயா அஞ்சரைக்குப் போயிடும், ஷிப்ட் எட்டரை வரைக்கும் ஓடும். அந்த மூணு மணி நேரம் குழந்தை எங்கே இருக்கும்? கட்டிங் டேபிளுக்கு அடியிலயா?

இப்ப ஒரு தாளை எடு. குழந்தைக கை மாற்ற நேரத்தை மட்டும் எழுது. உன் வீட்டுல இருந்து கம்பெனிக்கு 40 நிமிஷம், பஞ்ச் 8.30க்கு, அப்ப நீ 7.45க்கு வண்டியை எடுக்கணும். பெரியவளோட ஸ்கூல் வேன் 8.20க்குத்தான் வரும். அந்த 35 நிமிஷத்துக்கு யார் பேரு? சாயங்காலம் நாலு மணிக்கு வேன்ல இறங்கறப்ப யார் பேரு? நீ நிஜமா வீடு வந்து சேர்ற 8.10 வரைக்கும்? காய்ச்சல் நாளுக்கு? மே மாசம் பூரா? ஒவ்வொரு இடத்துலயும் ஒரு பேரும், அவங்களுக்கு முடியாதப்ப இன்னொரு பேரும் எழுதணும். நான் எழுதிப் பார்த்தேன். அத்தனை இடத்துலயும் "அம்மா"ன்னு ஒரே பேருதான் வந்தது, ரெண்டாவது பேரே இல்லை. உன் வீட்டுக்காரரைப் பத்தி இங்கே எழுத மாட்டேன், அவரும் படிப்பார். அவர் பேரும் அந்தத் தாள்ல ரெண்டு இடத்துலயாவது வரணும், அவ்வளவுதான்.

அம்மாவுக்கு ரெண்டு மாடு இருக்கு. காலையிலயும் சாயங்காலமும் சொசைட்டிக்குப் பால் ஊத்தறாங்க, அந்தக் காசு அவங்க கையில விழுது. திருப்பூருக்கு வரணும்னா மாட்டை விக்கணும். உன் மாடி வீட்டுப் படியை ரெண்டு வயசுப் பையனைத் தூக்கிட்டு நாளைக்கு எத்தனை தடவை ஏறுவாங்க? அதைக் கேட்கக்கூட யாருக்கும் தோணலைங்கிறதுதான் எனக்கு ஆத்திரம். உன் மேலன்னு நினைச்சுக்காதே. உன் மேலயும்தான். என் புள்ளைகளை அவங்க அமுச்சி, நம்ம அம்மாதானே வளர்த்தாங்கன்னு நீ சொல்லலாம். நியாயம்தான், மன்னிச்சுக்கோ கண்ணு. அப்ப அவங்களுக்கு அம்பது வயசு, நாங்க பக்கத்து வீதியில இருந்தோம், ராத்திரி தங்க வேண்டிய அவசியமும் இருக்கலை.

அவிநாசி ஆடிட்டர் ஆபீஸ் வேலையை நீ கணக்குலயே எடுக்கலை, 22,000ங்கிறதால. எடுத்துப் பார்ப்போம். கம்பெனியில 32,000ல பி.எஃப். 1,800 போனா 30,200. ரெண்டு பேருக்கும் ராத்திரி எட்டு வரைக்கும் டே கேர், நீ விசாரிச்ச ரேட்டுல 13,000. பெட்ரோல் 2,500. மிச்சம் 14,700. ஆடிட்டர் ஆபீஸ்ல பி.எஃப். இல்லை. ஆறு மணியோட முடியற டே கேர் 8,000, பெட்ரோல் 800, மிச்சம் 13,200. வித்தியாசம் 1,500. உன் பி.எஃப்., கம்பெனி போடற பி.எஃப். ரெண்டும் உன் சேமிப்புதான், அந்த 3,600ஐயும் சேர்த்தா 5,100. கம்பெனிக்கு நாளைக்கு 12 மணி 25 நிமிஷம் வீட்டை விட்டு இருப்பே, ஆடிட்டர் ஆபீஸுக்கு 8 மணி 40 நிமிஷம். மாசம் 26 நாளைக்குக் கிட்டத்தட்ட 98 மணி நேரம் வித்தியாசம். அந்த ஒவ்வொரு மணி நேரத்துக்கும் உனக்குக் கிடைக்கிறது 52 ரூபாய். மூணு வருஷம் தாக்குப்பிடிச்சா மெர்ச்சண்டைசர் சம்பளம் நல்லா ஏறும், ஆடிட்டர் ஆபீஸ்ல அப்படி ஏறாது. அதுக்கு என்ன விலைங்கிறது உன் கணக்கு, நான் போட முடியாது.

கம்பெனி வேலைதான் வேணும்னா ஒண்ணே ஒண்ணு கேட்டுப் பாரு. பையர் மெயில், எந்த வேலை எந்தத் தேதிக்குள்ள முடியணும்னு போடற டி அண்ட் ஏ ஷீட் அப்டேட், ராத்திரி கால் எல்லாம் வீட்டுல இருந்தே பார்க்கிற வேலைக. சாம்பிளை டேபிள்ல விரிச்சு அளவெடுக்கறது, சாயம் சரியான்னு லேப் டிப் துணியில ஷேடு பார்க்கறது, இன்ஸ்பெக்‌ஷன், இதெல்லாம் நேர்ல இருந்தாத்தான் ஆகும். அதனால "வாரத்துல நாலு நாள் 5.30க்குக் கிளம்பறேன், 8.30க்கு மேல வீட்டுல இருந்து மெயிலும் காலும் பார்க்கறேன், இன்ஸ்பெக்‌ஷன் நாள்ல முழுசா இருக்கறேன்"னு பிரிச்சுக் கேளு. "ஃப்ளெக்ஸிபிளா இருக்குமா"ன்னு மொட்டையா கேட்டா எல்லாரும் "இருக்கும்"னுதான் சொல்வாங்க. ஒத்துக்கிட்டாங்கன்னா, "நாம பேசினபடி"ன்னு ஆரம்பிச்சு நாலு வரி ஹெச்.ஆருக்கு மெயில் போடு, மேனேஜரையும் அதுல சேர்த்துக்கோ. மேனேஜர் மாறினா வாய்ப்பேச்சு நிக்காது, மெயில் நிக்கும். மெயிலுக்குப் பதிலே வரலைன்னா அதையும் ஒரு பதிலா எடுத்துக்கோ.

திங்கட்கிழமைக்குள்ள சொல்லணும்னு கெடு வெச்சிருக்காங்கன்னு சொன்னே. வியாழன் வரைக்கும் டைம் கேளு, ஆள் வேணும்னா கொடுப்பாங்க. அதுக்குள்ள காப்பகத்தைப் பார்த்துட்டு வந்துடு. அம்மாவுக்கு இதைப் பத்திப் போன் பண்ணாதே, எனக்குப் பண்ணு.

அக்கா