273-ஐக் கூட்டினார்கள், 14.7-ஐ மறந்தார்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். தங்கள் மாணவர் பக்கத்தில் சென்ற வாரம் வந்த பிளஸ் ஒன் வேதியியல் மாதிரிக் கணக்குகளில், கார் டயர் பற்றிய கணக்கின் விடை தவறு. வெறும் திருத்தம் என்றால் இரண்டு வரித் தபாலட்டையில் முடித்திருப்பேன். அந்தத் தவறு எங்கிருந்து வந்தது என்பதுதான் என்னை இவ்வளவு நீளமாக எழுத வைக்கிறது.

கணக்கு இதுதான். 27 டிகிரி செல்சியஸில் டயரின் அளவுமானி 30 பி.எஸ்.ஐ. காட்டுகிறது. ஓடிச் சூடாகி உள்ளிருக்கும் காற்று 57 டிகிரிக்கு வந்தால் மானி என்ன காட்டும்? விடை எழுதியவர் வெப்பநிலைகளை 300, 330 கெல்வின் என்று ஒழுங்காக மாற்றியிருக்கிறார். பிறகு 30-ஐ 330-ஆல் பெருக்கி 300-ஆல் வகுத்து 33 பி.எஸ்.ஐ. என்று முடித்துவிட்டார். கெல்வினுக்கு ஏன் மாற்றுகிறோம் என்பது மனதில் இருந்திருந்தால், அதே காரணத்துக்காக 30 என்ற எண்ணையும் அவர் மாற்றியிருப்பார்.

பக்கத்து வீட்டுப் பிள்ளை அந்தத் தாளைக் கொண்டுவந்து காட்டியபோது, "273 ஏன் மக்ளே கூட்டுறோம்?" என்று கேட்டேன். "கூட்டலைன்னா மார்க் போயிரும் சார்" என்றாள். முப்பது வருடம் பாடம் நடத்தியவன் நான். இந்தப் பதிலில் என் பங்கும் உண்டு என்று ஒத்துக்கொள்கிறேன். நானும் பல ஆண்டுகள் "கெல்வினுக்கு மாத்து" என்று பலகையில் எழுதிப் போட்டதோடு சரி.

அவளிடம் 273-ஐக் கூட்டாமலே ஒரு கணக்கைப் போடச் சொன்னேன். 27 டிகிரியில் 100 மில்லி லிட்டர் காற்று இருக்கிறது. அழுத்தம் மாறவில்லை. 54 டிகிரிக்குச் சூடாக்கினால் கன அளவு என்ன? 54 என்பது 27-இன் இரண்டு மடங்கு, ஆகவே 200 மில்லி என்றாள். சரி, இதே காற்றைப் பழைய ஃபாரன்ஹீட் வெப்பமானியால் அளப்போம். 27 டிகிரி அங்கே 80.6, 54 டிகிரி அங்கே 129.2. இப்போது வகுத்தால் சுமார் 1.6 மடங்கு, அதாவது 160 மில்லி. ஒரே குடுவை, ஒரே காற்று, ஒரே அடுப்பு. வெப்பமானியை மாற்றியதும் விடை மாறுகிறது. எந்த வெப்பமானியைக் கொண்டு அளக்கிறோம் என்று காற்றுக்குத் தெரியாதே! அப்படியானால் இரண்டு விடையும் தப்பு என்று அவளே சொன்னாள்.

ஏன் தப்பு என்பதற்கு நம் ஊர் வள்ளுவர் சிலையைத்தான் துணைக்கு அழைத்தேன். பீடம் 38 அடி, அதன் மேல் சிலை 95 அடி, மொத்தம் 133. ஒருவர் பீடத்தின் மேல்தளத்தில் நின்றுகொண்டு அங்கிருந்து உயரம் அளக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். சிலையில் ஒரு புள்ளி 27 அடியில், இன்னொன்று 54 அடியில். மேலே இருப்பது இரண்டு மடங்கு உயரத்தில் இருக்கிறது என்று அவர் சொல்வார். பாறையில் நிற்பவருக்கோ அவை 65 அடியும் 92 அடியும். இரண்டு மடங்கு எங்கே போயிற்று? 'இத்தனை மடங்கு' என்று பேச வேண்டுமானால் அடியிலிருந்து அளந்திருக்க வேண்டும். செல்சியஸ் அளவு பீடத்தில் நின்று அளப்பது. அதன் சுழி, பனிக்கட்டி உருகும் இடத்தில் நம் வசதிக்காகப் போட்ட கோடு. அங்கே தண்ணீருக்கு ஏதோ நடக்கிறது, காற்றுக்கு ஒன்றும் நடப்பதில்லை.

காற்றுக்கு அடி எது? அதைக் காற்றே சொல்லும். அழுத்தத்தை மாற்றாமல், 0 டிகிரியில் சரியாக 273 மில்லி இருக்கும்படி ஒரு வாயுவை எடுத்துக்கொண்டால், 1 டிகிரியில் அது 274 மில்லி ஆகும். 27 டிகிரியில் 300, 54 டிகிரியில் 327, 100 டிகிரியில் 373. டிகிரிக்கு ஒரு மில்லி வீதம் ஏறுகிறது. சார்லஸ் விதி என்பது இதுதான். கீழ்நோக்கியும் அப்படியே: மைனஸ் 10-இல் 263 மில்லி. இந்தக் கோட்டை வரைதாளில் கீழே இழுத்துக்கொண்டே போனால் மைனஸ் 273-இல் கன அளவு சுழியைத் தொடுகிறது. ஹைட்ரஜன், நைட்ரஜன், ஆக்சிஜன் என்று எதை வைத்து வரைந்தாலும் கோடு அந்த ஒரே இடத்தை நோக்கித்தான் போகிறது. அதுதான் பாறை. அங்கிருந்து எண்ணத் தொடங்கினால் அதன் பெயர் கெல்வின். மேலே சொன்ன மில்லி லிட்டர் எண்களை மறுபடி பாருங்கள்: 300, 327, 373. அவையே கெல்வின் வெப்பநிலைகள். 273-ஐக் கூட்டுவது பீடத்தின் உயரத்தைச் சேர்த்துக்கொள்வது, அவ்வளவே. அந்த 100 மில்லி காற்று 54 டிகிரியில் 200 ஆகாது, 100 × 327 / 300, அதாவது 109 மில்லிதான் ஆகும்.

ஃபாரன்ஹீட்காரர்களும் தங்கள் எண்ணோடு 460-ஐக் கூட்டிக்கொண்டால் அவர்களுக்கும் இதே 109 வரும். ஆகவே இதில் செல்சியஸின் குற்றமோ கெல்வினின் மகிமையோ ஒன்றுமில்லை. எங்கிருந்து எண்ணுகிறோம் என்பதுதான் சங்கதி.

இந்த 273 ஒரே நாளில் கிடைத்ததும் அல்ல. 1802-இல் கே-லுசாக் வெளியிட்ட அளவீட்டில், 0 டிகிரியில் 100 பங்கு இருந்த காற்று 100 டிகிரியில் 137.5 பங்கு ஆனது. அதை வைத்துக் கணக்கிட்டால் அடி மைனஸ் 267 அருகே விழும். பிற்பாடு ஈரத்தை இன்னும் கவனமாக நீக்கி நுட்பமாக அளந்தவர்கள்தான் அதை 273-க்குக் கொண்டுவந்தார்கள். அந்தச் சுழியிலிருந்து தொடங்கும் அளவை வில்லியம் தாம்சன், அதாவது பிற்காலத்துக் கெல்வின் பிரபு, முன்வைத்தது 1848-இல். துல்லியமான எண் 273.15. பள்ளிக் கணக்குக்கு 273 போதும். உண்மை வாயுக்கள் அந்த அடி வரை போவதும் இல்லை. நைட்ரஜன் மைனஸ் 196-லேயே திரவமாகிவிடும், அதற்குக் கீழே இந்த விதி அதற்குப் பொருந்தாது. கோட்டின் கடைசிப் பகுதி நாம் நீட்டி வரைந்ததுதான்.

மாற்ற மறந்ததைக் கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. சின்னமுட்டம் துறைமுகத்தில் மீன் பெட்டியில் போடும் ஐஸுக்குள் ஓர் ஊதிய பலூனைப் புதைத்து வைப்பதாக நினையுங்கள். வெளியே 30 டிகிரி, உருகும் ஐஸில் 0 டிகிரி. செல்சியஸிலேயே கணக்குப் போட்டால் பலூனின் கன அளவு 0 × V / 30, அதாவது ஒன்றுமே இல்லை! மைனஸ் 18 டிகிரி குளிர்பதனக் கிடங்குக்குக் கொண்டுபோனால் கன அளவு மைனஸில் வரும். உண்மையில் ஐஸில் அது 273/303 பங்கு, ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு சுருங்கி இருக்கும். கையில் எடுத்தால் கொஞ்சம் தொய்வாகத் தெரியும்.

அந்தப் பிள்ளைக்கு இதுவும் போதவில்லை. மருந்துக்கடையில் 20 மில்லி சிரிஞ்ச் ஒன்று வாங்கி, 10 மில்லி காற்று இழுத்து, ஊசி மாட்டும் முனையைப் பசையால் அடைத்து, 60 டிகிரி வெந்நீரில் முக்கினோம். அறையில் 30 டிகிரி. செல்சியஸ் கணக்குப்படி உள்தண்டு 20-க்குப் போக வேண்டும். கெல்வின் கணக்குப்படி 10 × 333 / 303, அதாவது 11-க்கு. முதல் தடவை 13-ஐயும் தாண்டிவிட்டது, எனக்கே திக்கென்றது. பிறகுதான் விளங்கியது. பிள்ளை சிரிஞ்சைக் கழுவிவிட்டு அப்படியே கொண்டுவந்திருந்தாள். உள்ளே ஒட்டியிருந்த நீர்த்துளி 60 டிகிரியில் ஆவியாகித் தன் பங்குக்குத் தள்ளியிருக்கிறது. வாயுவின் அளவே கூடிவிட்டால் சார்லஸ் விதி என்ன செய்யும்! நன்றாக உலர்த்திவிட்டு மறுபடி செய்தபோது 11-க்குச் சற்றுக் குறைவாக நின்றது. ரப்பர் அடைப்பு பிடித்துக்கொள்வதால் வரும் குறை அது. தண்டை லேசாகத் திருகிவிட்டால் இன்னும் நெருங்கும்.

எல்லா இடத்திலும் 273-ஐக் கூட்டுவதும் தப்பு என்பதைச் சொல்லிவிட வேண்டும். வெப்பநிலை 27-இலிருந்து 54-க்கு ஏறினால் ஏற்றம் 27 டிகிரி. கெல்வினிலும் 27-தான். பீடத்திலிருந்து அளந்தாலும் பாறையிலிருந்து அளந்தாலும் இரண்டு புள்ளிகளுக்கு நடுவே 27 அடிதானே. தண்ணீரைச் சூடாக்க எவ்வளவு வெப்பம் வேண்டும் என்ற கணக்கில் இந்த ஏற்றத்தோடு 273-ஐக் கூட்டி 300 என்று எழுதும் பிள்ளைகளை ஒவ்வொரு வருடமும் பார்த்திருக்கிறேன்.

இனி டயருக்கு வருகிறேன். அளவுமானி காட்டும் 30 பி.எஸ்.ஐ. என்பதும் பீடத்தில் நின்று அளந்த எண்தான். முழுக்கக் காற்று இறங்கிய டயரில் மானி சுழி காட்டும். ஆனால் அதனுள்ளும் வெளிக்காற்றின் அழுத்தம், கடல் மட்டத்தில் 14.7 பி.எஸ்.ஐ., இருக்கத்தான் செய்கிறது. வெளிக்காற்றுக்கு மேல் எவ்வளவு என்பதை மட்டுமே மானி சொல்கிறது. ஆகவே உள்ளே உண்மையான அழுத்தம் 44.7. டயரின் கொள்ளளவு பெரிதாக மாறாது என்று எடுத்துக்கொண்டால், சூடான பின் 44.7 × 330 / 300, அதாவது 49.2. அதிலிருந்து 14.7-ஐக் கழித்தால் மானி காட்ட வேண்டியது 34.5 பி.எஸ்.ஐ. தங்கள் பக்கத்தில் வந்த 33 இதைவிட ஒன்றரை குறைவு. மாற்றாமல் செல்சியஸிலேயே போட்டிருந்தால் 63 வந்து டயர் வெடித்துவிடும் என்று பயந்திருப்போம். அதற்கு 33 தேவலாம்தான்.

மார்த்தாண்டம் போகும் வழியில் நான் காற்றுப் பிடிக்கும் கடைக்காரர், ஓடி வந்த சூட்டோடு வரும் வண்டியில் காற்றைக் குறைக்கச் சொன்னால் மறுத்துவிடுவார். "ஆறட்டும் சாரே, அப்புறம் பாப்போம்" என்பார். அவர் சொல்வது கணக்கிலும் சரியாக வருகிறது. சூட்டில் 34.5 காட்டும் டயரிலிருந்து காற்றை இறக்கி 30-க்குக் கொண்டுவந்தால், மீண்டும் 27 டிகிரிக்கு ஆறும்போது உள்ளே 44.7 × 300 / 330, அதாவது 40.6, மானியில் சுமார் 26. காலையில் பார்த்தால் டயர் நாலு பி.எஸ்.ஐ. குறைவாக நிற்கும்.

அடுத்த வாரப் பக்கத்தில் விடையை 34.5 என்று திருத்தி, 14.7-ஐக் கூட்டிக் கழிக்கும் படிகளையும் சேர்த்து வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். பக்கத்து வீட்டுப் பிள்ளை பழைய விடையை நோட்டில் ஒட்டி வைத்திருக்கிறாள். அதன் மேல் ஒட்ட ஒரு துண்டு வேண்டுமாம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வேதியியல் ஆசிரியர்,
தக்கலை, கன்னியாகுமரி மாவட்டம்.