ஆச்சியின் பாட்டு

அன்புள்ள பாப்பாவுக்கு,

நீ பேசி மூன்று வாரம் ஆகிறது. வேலை இருக்கும், சரி. இங்கே மாடித் தளத்துக்கு ஓடு பதித்தாயிற்று. அம்மாவுக்கு முழங்கால் வலி பரவாயில்லை. 14ஆம் தேதி உனக்குப் பெரிய அரங்கில் பேச்சு இருப்பதாகச் சித்தி சொன்னாள். போன கூட்டத்தைப் பற்றியும் ஏதோ சொன்னாள். அதை நான் கேட்கவில்லை. வேளாவேளைக்குச் சாப்பிடு.

மேடை ஏறும் முன் காதில் குத்துப்பாட்டு வைத்துக்கொள்கிறாயாமே. அது வேண்டாம்மா. ஏற்கெனவே படபடக்கிற நெஞ்சை அது இன்னும் விரட்டும். முதல் பக்கத்தை ஓட்டமாகப் படித்துவிட்டு இரண்டாம் பக்கத்தில் மூச்சுக்குத் திணறுவாய்.

ஆச்சி சொல்லிக்கொடுத்த அப்பர் பாட்டு நினைவிருக்கிறதா?

நாமார்க்கும் குடியல்லோம் நமனை அஞ்சோம்
நரகத்தில் இடர்ப்படோம் நடலை இல்லோம்
ஏமாப்போம் பிணியறியோம் பணிவோம் அல்லோம்

பல்லவ அரசன் ஆள் அனுப்பி அழைத்தபோது பாடியது என்று பெரியபுராணம் சொல்லும். ஆனால் நான் சொல்ல வந்தது வேறு. வாய்க்குள் பாடிப் பார். அல்லோம், அஞ்சோம், இடர்ப்படோம் என்று சொல்லுக்குச் சொல் 'ஓம்' வந்து உதடு மூடும். அந்த 'ம்'மை இழுத்தால் மூச்சு மெதுவாக வெளியே போகும். உள்ளே இழுப்பதைவிட வெளியே விடுவது நீண்டால் நெஞ்சுத் துடிப்பு தணியும். பயத்தில் மூச்சு மேல்நெஞ்சிலேயே நின்றுவிடுவதால்தான் வாக்கியத்தின் கடைசிச் சொல்லை விழுங்குகிறோம்.

முதல் வரியை ஒரே மூச்சில், நிதானமாகப் பாடு. 'குடியல்லோம்' தாண்டுவதற்குள் மூச்சு அறுந்தால் இன்னும் வயிற்றுக்கு இறங்கவில்லை என்று அர்த்தம். சுருதியைக் குறைத்து மறுபடி ஆரம்பி. சத்தம் போடாதே, தொண்டை வறண்டுவிடும். புதுப் பாட்டு எதையும் அன்றைக்குப் பழகாதே, வரி மறந்தால் அதுவே இன்னொரு பயம். மேடைக்குக் கூப்பிடும் முன் நிறுத்திவிட்டு, உன் பேச்சின் முதல் வாக்கியத்தை மட்டும் அதே நிதானத்தில் ஒரு தடவை சொல்லிப் பார். மெதுவாகப் பாடு, மெதுவாக.

இதையெல்லாம் உனக்கு நான் சொல்வதே தப்பு. எட்டாம் வகுப்புப் பேச்சுப் போட்டியில் திரைக்குப் பின்னால் கண்ணை மூடி இதைத்தான் முணுமுணுத்துக்கொண்டிருந்தாய். "பாட்டை நிறுத்து, மனப்பாடம் கலைந்துவிடும்" என்று உன் தோளைப் பிடித்து உலுக்கியது நான். நான்கு பேர் பார்க்கப் பிள்ளை தடுமாறக்கூடாது என்று எனக்குத்தான் பயம். அன்றைக்கு நீ பாதியில் நின்றாய். வீட்டுக்கு வரும்வரை நான் உன்னோடு பேசவில்லை. அப்புறம் நீ பாடி நான் கேட்கவே இல்லை. உனக்குக் கூச்சம் என்று எல்லோரிடமும் சொல்லிவந்தேன்.

ஆச்சி உனக்காக எழுதிவைத்த பாட்டு நோட்டை நேற்று கூரியரில் போட்டிருக்கிறேன். இந்தப் பாட்டின் பக்கத்தில் மூச்சு எடுக்கும் இடமெல்லாம் பென்சிலால் கோடு போட்டிருக்கிறாள். அழித்துவிடாதே.

அப்பா