வெள்ளி இரவே சொன்ன புகார் எப்படி ஆறாம் நாள் புகார் ஆனது?

வாடிக்கையாளர் குறைதீர்ப்பு அதிகாரி அவர்களுக்கு,

வணக்கம். இதே விஷயத்துக்கு நான் எழுதும் நாலாவது கடிதம் இது. முதல் மூன்றுக்கும் வந்தது ஒரே பதில், கீழே கையெழுத்துப் போட்டவர் பெயர் மட்டும் மாறியிருந்தது. அதனால் இந்த முறை நீளமாகவே எழுதுகிறேன், தயவுசெய்து கடைசி வரை படியுங்கள்.

போன மாதம், இரண்டாம் சனிக்கு முந்தின வெள்ளிக்கிழமை இரவு 11.42க்கு என் டெபிட் கார்டில் 18,640 ரூபாய் எடுக்கப்பட்டதாக எஸ்எம்எஸ் வந்தது. இப்படி வரும் எஸ்எம்எஸ்ஸிலேயே போலி உண்டு, பதறிப்போய் அதிலுள்ள எண்ணுக்குப் பேசினால் மிச்சப் பணமும் போகும் என்று தெரியும். அதனால் முதலில் உங்கள் ஆப்பைத் திறந்து கணக்கைப் பார்த்தேன். பணம் நிஜமாகவே போயிருந்தது. கார்டின் கடைசி நாலு எண் என்னுடையதுதான். கடையின் பெயர் நான் கேள்விப்படாதது, ஆனால் கடைக்கு ஒரு பெயரும் பில்லில் வேறு பெயரும் இருப்பது சகஜம் என்பதால் வீட்டில் எல்லோரையும் எழுப்பி யாராவது எதையாவது வாங்கினீர்களா, மாதச் சந்தா ஏதாவது கட்டினீர்களா என்று கேட்டேன். இல்லை. ஓடிபி வரவில்லை. கார்டு என் பர்ஸில்தான் இருந்தது. அப்படியென்றால் கார்டு திருட்டுப் போகவில்லை, கார்டு எண்ணை வைத்துக்கொண்டு யாரோ வெளிநாட்டு இணையதளத்தில் வாங்கியிருக்கிறார்கள். அங்கே பல கடைகள் ஓடிபி கேட்பதே இல்லை. ஒரு பயணத்துக்காக வெளிநாட்டுப் பயன்பாட்டை ஆன் செய்துவிட்டு அணைக்க மறந்தது என் தப்பு, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் கார்டு எண்ணையோ ஓடிபியையோ நான் யாருக்கும் கொடுக்கவில்லை.

இதெல்லாம் பார்த்து முடிக்க ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. ஆப்பிலேயே கார்டை பிளாக் செய்தேன். எஸ்எம்எஸ்ஸுக்கு அப்படியே பதில் அனுப்பிப் பார்த்தேன், போகவில்லை. வாடிக்கையாளர் எச்சரிக்கைச் செய்திக்கு 'ரிப்ளை' செய்தே புகார் சொல்ல வசதி இருக்க வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2017லேயே சொல்லிவிட்டது, உங்களுக்குத் தெரியாததா? சரி, அதை விடுங்கள். 11.51க்குக் கார்டின் பின்புறம் உள்ள எண்ணுக்கு அழைத்தேன். பதினேழு நிமிடம் பேசியிருக்கிறேன், என் போனில் பதிவு இருக்கிறது, உங்களிடம் குரலே இருக்கும். “கார்டு பிளாக் ஆயிடுச்சு சார், டிரான்சாக்ஷன் இன்னும் பெண்டிங்ல இருக்கு, போஸ்ட் ஆனதும் கிளைக்குப் போங்க” என்றார்கள். புகார் எண் கேட்டேன், தரவில்லை. அங்கேயே விடாப்பிடியாகக் கேட்டு வாங்கியிருக்க வேண்டும், அந்த ஒரு எண் இல்லாததால்தான் இவ்வளவு அலைச்சல். மறுநாள் காலை சைபர் மோசடிப் புகாருக்கான அரசு உதவி எண் 1930க்கும் அழைத்துச் சொன்னேன், அங்கே உடனே ஒப்புகை எண் கொடுத்தார்கள். வங்கியிடம் சொன்னதற்கு அது ஈடாகாது என்று தெரியும், ஆனாலும் நான் தூங்கிக்கொண்டிருக்கவில்லை என்பதற்கு அது சாட்சி.

திங்கள்கிழமை வேலைக்கு லீவு போட்டுப் பக்கத்துக் கிளைக்குப் போனேன். கணக்கு இருக்கும் கிளைக்குத்தான் போக வேண்டுமாம். செவ்வாய் அங்கே போனேன். இரண்டாவது கவுண்டரில் இருந்தவர் வரிசையில் நின்ற அத்தனை பேர் முன்னால் சத்தமாகச் சொன்னார்: “ஓடிபிய யாருக்காவது சொல்லிட்டு எங்க தலையில கட்டாதீங்க சார்.” எனக்கு வயது ஐம்பத்தெட்டு. உங்கள் வங்கியில் இருபத்திரண்டு வருடமாகக் கணக்கு வைத்திருக்கிறேன். பணம் போனதைவிட அந்த ஒரு வாக்கியம்தான் இன்னும் குத்துகிறது, ராத்திரியில் அதுவே காதில் ஒலிக்கிறது. ஓடிபியே வராத பரிவர்த்தனை இது என்று உங்கள் கம்ப்யூட்டரில் ஒரு நொடியில் பார்த்திருக்கலாம். தப்பு வாடிக்கையாளருடையது என்றால் அதை நிரூபிக்க வேண்டியது வங்கி என்பதும் விதியிலேயே இருக்கிறது. அவர் நிரூபிக்கவில்லை, கத்தினார்.

புதன்கிழமை மாலை ஒருவழியாகப் படிவம் வாங்கிப் புகார் எண் தந்தீர்கள். அப்புறம் வந்த பதில்தான் உச்சம். பரிவர்த்தனை நடந்து ஆறாம் நாள் புகார் செய்ததால் 10,000 ரூபாய் என் பொறுப்பாம், மீதி 8,640 மட்டும் தருவீர்களாம். வெள்ளியிலிருந்து விரல் விட்டு எண்ணினால் புதன் ஆறுதான். ஆனால் அப்படி எண்ணச் சொன்னது யார்?

ரிசர்வ் வங்கியின் 2017 ஜூலை 6 சுற்றறிக்கையை எடுத்துப் பாருங்கள். தப்பு வங்கியிடமும் இல்லை, வாடிக்கையாளரிடமும் இல்லை, வெளியே எங்கோ நடந்தது என்றால், வங்கியின் தகவல் கிடைத்த மூன்று வேலை நாளுக்குள் சொல்லிவிட்டால் வாடிக்கையாளர் ஒரு பைசா ஏற்க வேண்டியதில்லை. நாலிலிருந்து ஏழு வேலை நாள் என்றால்தான் என்னுடையது மாதிரியான சேமிப்புக் கணக்குக்கு அதிகபட்சம் 10,000. ஏழும் தாண்டினால் உங்கள் வங்கியின் கொள்கைப்படி. எண்ணுவது வேலை நாள், அதுவும் கணக்கு இருக்கும் கிளையின் வேலை நாள். தகவல் வந்த நாள் கணக்கில் வராது. ஆக வெள்ளி சேராது. இரண்டாம் சனி உங்களுக்கு விடுமுறை, ஞாயிறும் விடுமுறை. திங்கள் ஒன்று, செவ்வாய் இரண்டு, புதன் மூன்று. நீங்கள் வேண்டுமென்றே இழுத்த புதன்கிழமையை வைத்து எண்ணினாலும் நான் கெடுவுக்குள்தான் இருக்கிறேன். வெள்ளி இரவு அழைத்ததைக் கணக்கில் எடுத்தால் முதல் வேலை நாள் தொடங்குவதற்கு முன்பே சொல்லிவிட்டேன்.

இன்னொன்றும் இருக்கிறது. சொன்ன நாளிலிருந்து பத்து வேலை நாளுக்குள் முழுத் தொகையையும் தற்காலிகமாகவாவது கணக்கில் வைக்க வேண்டும், 90 நாளுக்குள் முடிவு சொல்ல வேண்டும். எனக்கு அந்த 8,640 வந்ததே பதினேழாவது வேலை நாளில். நடுவில் வீட்டுக் கடன் தவணை போதிய பணமில்லாமல் திரும்பி, அதற்கும் அபராதம் பிடித்தீர்கள்! மொத்தத்தில் என் ஒரு மாத வாழ்க்கையே நாசமாய்ப் போனது என்று சொன்னால் வீட்டில் மிகைப்படுத்துகிறேன் என்கிறார்கள், எனக்கு அப்படித் தோன்றவில்லை.

உங்களோடு சண்டை போடும் ஆசை எனக்கில்லை. பிடித்த 10,000 ரூபாய், தவணை திரும்பியதற்கான அபராதம், இரண்டையும் ஏழு நாளுக்குள் என் கணக்கில் வரவு வைத்துவிட்டு, வெள்ளி இரவு அழைப்பைப் புகாராகப் பதிந்து எழுத்தில் கொடுங்கள், முடிந்தது. இல்லையென்றால் ரிசர்வ் வங்கி குறைதீர்ப்பாளரிடம் போவேன். 30 நாளில் பதில் வராவிட்டாலும் போகலாம், வந்த பதில் இப்படி இருந்தாலும் போகலாம். cms.rbi.org.in தளத்தில் மனுவைப் பாதி நிரப்பியே வைத்திருக்கிறேன்.

அழைப்புப் பட்டியல், எஸ்எம்எஸ் படம், 1930 ஒப்புகை, உங்கள் மூன்று பதில்கள் எல்லாம் இணைத்துள்ளேன்.

இப்படிக்கு,
இன்னும் உங்கள் வாடிக்கையாளர்

பி.கு.: இரண்டாவது கவுண்டர்க்காரர் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று நான் கேட்கவில்லை. அந்தச் சுற்றறிக்கையை ஒருமுறை படிக்கச் சொல்லுங்கள், போதும்.