வரைபடத்தில் விடுபட்டுப்போகும் புள்ளி: குமரி மாவட்ட மேல்நிலைப் பள்ளிப் பொருளியல் ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஆசிரியர்களுக்கு வணக்கம்.

வங்கிப் பணியிலிருந்து ஓய்வு பெற்ற பின், தக்கலையில் மாலை நேரங்களில் மாணவர்களுக்குப் பொருளியல் சொல்லிக்கொடுத்து வருகிறேன். பண அளிப்பு கூடினால் பெயரளவு வட்டி வீதம் ஏன் குறைகிறது என்பதைக் காட்டும் பணச் சந்தை வரைபடத்தை அவர்கள் பிழையில்லாமல் வரைந்துவிடுகிறார்கள். ஆனால் வரைந்ததை வாசிக்கச் சொன்னால் தடுமாறுகிறார்கள். அதைப் பற்றியே இம்மடல்.

செங்குத்து அச்சில் பெயரளவு வட்டி வீதம், கிடை அச்சில் பணத்தின் அளவு, இடமிருந்து வலமாகச் சரியும் பணத் தேவைக் கோடு, நேர்செங்குத்தாக நிற்கும் அளிப்புக் கோடு, அதற்கு வலப்பக்கம் புதிய அளிப்புக் கோடு: இவை எல்லாம் நோட்டில் இருக்கும். பழைய சமநிலைப் புள்ளியிலிருந்து புதிய புள்ளிக்கு ஓர் அம்புக்குறியும் போட்டிருப்பார்கள். இடையில் என்ன நடந்தது என்று கேட்டால், "வரத்து கூடிற்று, விலை இறங்கிற்று, தோவாளையில் பிச்சிப்பூ விலை இறங்குவதைப் போலத்தான் சார்" என்று பதில் வரும். முடிவு சரிதான், காரணம்தான் சரியில்லை. விற்ற பூ சந்தையை விட்டுப் போய்விடும், மிஞ்சியது மாலைக்குள் வாடிவிடும். பணமோ கைமாறுமே தவிர, ரிசர்வ் வங்கி திரும்ப எடுத்துக்கொள்ளாத வரை எங்கும் போகாது. புழக்கத்துக்கு வந்த ஒவ்வொரு ரூபாயையும் எந்த நேரத்திலும் யாராவது ஒருவர் கையிலோ கணக்கிலோ வைத்திருந்தே ஆகவேண்டும். அளிப்புக் கோடு செங்குத்தாக நிற்பதன் பொருளை இங்கிருந்துதான் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்பது என் கருத்து. பணத்தின் அளவு வட்டியைப் பார்த்து மாறுவதில்லை. வட்டிதான் அந்த அளவுக்குத் தக்கபடி மாற வேண்டியிருக்கிறது.

வகுப்பில் நான் பயன்படுத்தும் ஒரு கற்பனைக் கணக்கைத் தருகிறேன். வட்டி 8 சதவீதமாக இருக்கும்போது மக்கள் பணமாக வைத்திருக்க விரும்புவது 500 கோடி ரூபாய் என்றும், வட்டி ஒரு புள்ளி இறங்கும்போதெல்லாம் அந்த விருப்பம் 50 கோடி கூடுகிறது என்றும் கொள்வோம். அளிப்பும் 500 கோடி என்றால் சமநிலை வட்டி 8 சதவீதம். இப்போது ரிசர்வ் வங்கி வெளிச் சந்தையில் கடன்பத்திரங்களை வாங்குகிறது, அதன் விளைவாகப் பண அளிப்பு 600 கோடி ஆகிறது என்போம்.

இந்த இடத்தில் மாணவரை நிறுத்தி, புதிய அளிப்புக் கோட்டின் மேல் பழைய 8 சதவீத உயரத்திலேயே ஒரு புள்ளி வைக்கச் சொல்லுங்கள். அந்தப் புள்ளிக்கும் தேவைக் கோட்டுக்கும் இடையில் கிடையாக உள்ள தூரம் 100 கோடி. மக்கள் வைத்திருக்க விரும்புவதைவிட இவ்வளவு கூடுதலான பணம் அவர்களிடம் இருக்கிறது. வட்டி தராத பணத்தைத் தேவைக்கு மேல் யாரும் சும்மா வைத்திருப்பதில்லை. அதைக் கொடுத்துக் கடன்பத்திரம் வாங்க முனைவார்கள். வாங்கியவருக்குப் பணம் குறையும், விற்றவருக்கு அதே அளவு கூடும். மொத்தம் 600 கோடி அப்படியே நிற்கும். ஆளாளுக்கு ஒதுக்கித் தள்ளப் பார்க்கும் பணத்தை எல்லோரும் சேர்ந்து ஒதுக்கிவிட முடியாது. எனவே அது கைமாறும் ஒவ்வொரு முறையும் கடன்பத்திரத்தின் விலை மேலே போகிறது.

விலை ஏறினால் வட்டி இறங்குவது ஏன் என்பதும் பல மாணவர்களுக்கு மந்திரம் போல இருக்கிறது. ஓராண்டு கழித்து 1,000 ரூபாய் தரும் பத்திரம் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் விலை இன்று ஏறத்தாழ 926 ரூபாய் என்றால், கிடைக்கும் 74 ரூபாய் 926-இல் 8 சதவீதம். விலை 935 ஆனால் கிடைப்பது 65 ரூபாய்தான், வட்டி 7 சதவீதத்துக்கு வந்துவிடும். அந்த வட்டியில் மக்கள் விரும்புவது 550 கோடி. இன்னும் 50 கோடி மிஞ்சி நிற்பதால் வாங்கும் முனைப்பும் நிற்பதில்லை. விலை 943-ஐ எட்டும்போது வட்டி 6 சதவீதம், விரும்பும் பணம் 600 கோடி, இடைவெளி பூஜ்யம். தேவைக் கோடு இம்மியும் நகரவில்லை, மக்கள்தான் அந்தக் கோட்டின் மேலேயே கீழ்நோக்கி வந்திருக்கிறார்கள். அம்புக்குறியை ஒரே சாய்வாகப் போடாமல், முதலில் வலப்பக்கம் கிடையாகவும், பிறகு புதிய அளிப்புக் கோட்டின் மேல் கீழ்நோக்கியும் இரண்டாகப் போடச் சொன்னால், மேற்சொன்ன வாதம் முழுவதும் படத்திலேயே தெரிந்துவிடும்.

செங்குத்து அச்சில் "உண்மை வட்டி வீதம்" என்று எழுதுவது அடிக்கடி காணும் இன்னொரு பிழை. அது சேமிப்பும் முதலீடும் சந்திக்கும் கடன்நிதிச் சந்தையின் வரைபடத்துக்கு உரியது. பணவீக்கம் கையிலுள்ள ரொக்கத்தையும் பத்திரத்தையும் ஒரே அளவில் தின்கிறது. ஆகவே ரொக்கமாக வைத்திருப்பதால் ஒருவர் இழப்பது பெயரளவு வட்டியை முழுமையாகத்தான்.

இந்த வரைபடம் சொல்வதன் எல்லையையும் மாணவர்களுக்குக் காட்ட வேண்டும். விலைவாசியும் வருமானமும் மாறாமல் இருக்கும் குறுகிய காலத்துக்கே இந்த வட்டிக் குறைவு பொருந்தும். மேற்சொன்ன கணக்கில் பண அளிப்பு 20 சதவீதம் கூடியது. வருமானம் மாறாமல், காலப்போக்கில் விலைவாசியும் 20 சதவீதம் ஏறினால், அதே பொருள்களை வாங்க அதே விகிதத்தில் கூடுதல் பணம் வேண்டியிருக்கும். 8 சதவீத வட்டியில் 500 கோடி விரும்பியவர்கள் இப்போது 600 கோடி விரும்புவார்கள். தேவைக் கோடு வலப்பக்கம் நகர்ந்து, வட்டி மறுபடி 8 சதவீதத்துக்கே வந்து நிற்கும். தேவைக் கோடு நகர்வதை வரைய வேண்டிய இடம் இதுதான், முதல் கட்டத்தில் அல்ல. பணவீக்கம் தொடரும் என்று மக்கள் எதிர்பார்க்கத் தொடங்கிவிட்டால் பெயரளவு வட்டி 8-ஐயும் தாண்டிப் போகலாம். அதை இந்த ஒரு படத்தில் திணிக்காமல் தனியாக நடத்துவதே நல்லது.

கெட்டிக்கார மாணவர் ஒருவர், ரெப்போ வீதத்தை ரிசர்வ் வங்கியே அறிவிக்கும்போது அளிப்பையும் தேவையையும் ஏன் பார்க்க வேண்டும் என்று கேட்பார். அவருக்கு 27.03.2020 அன்று வந்த அறிவிப்பைக் காட்டலாம். அன்று ரெப்போ வீதம் 5.15-இலிருந்து 4.40 சதவீதமாகக் குறைக்கப்பட்டது. ரொக்க இருப்பு விகிதமும் 4-இலிருந்து 3 சதவீதமாக்கப்பட்டது, அதன் வழியாக வங்கிகளுக்குச் சுமார் 1.37 லட்சம் கோடி ரூபாய் விடுவிக்கப்பட்டது. வீதத்தை அறிவித்தால் மட்டும் போதாது, சந்தை வட்டி அந்த வீதத்தை ஒட்டி நிற்கும் அளவுக்குப் பணமும் இருக்க வேண்டும். இன்றைய நடைமுறையில் ரிசர்வ் வங்கி முதலில் செங்குத்து அச்சில் ஓர் உயரத்தைத் தேர்ந்துகொண்டு, அதற்கு ஏற்ற அளிப்பைத் தேடுகிறது எனலாம். வரைபடம் அதேதான், வாசிக்கும் திசைதான் மாறுகிறது.

என் வேண்டுகோள் சிறியது. அடுத்த வகுப்புத் தேர்வில் இந்த வினாவைக் கேட்கும்போது, பழைய வட்டியில் புதிய அளிப்புக் கோட்டின் மேலுள்ள அந்த நடுப்புள்ளியைக் குறிக்கச் சொல்லி, அங்கே மிஞ்சியிருக்கும் பணம் எங்கே போகப் பார்க்கிறது, ஏன் போக முடியவில்லை என்று இரண்டு வரி எழுதச் சொல்லுங்கள். மதிப்பெண்ணில் பாதியையாவது அந்த இரண்டு வரிக்கு வையுங்கள்.

இப்படிக்கு,
தக்கலையிலிருந்து, ஓய்வு பெற்ற வங்கி அலுவலர் ஒருவர்