நாலு வயதுக்கு ஒரு பக்கம் 'அ' எதற்கு?

நர்சரி பள்ளித் தாளாளர்களுக்கு,

வணக்கம். தென்காசிப் பக்கம் ஒரு கிராமத்தில் 26 வருஷம் பால்வாடி டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். என் பேத்தி இப்போது எல்.கே.ஜி. போகிறாள். வயது நாலு முடிந்து இரண்டு மாதம். பள்ளியின் பெயர் வேண்டாம். ஏனென்றால் நான் சொல்லப்போகும் நோட்டு உங்களில் பலருடைய பள்ளியிலும் இருக்கிறது.

அந்த நோட்டில் முதல் வரியில் டீச்சர் சிவப்பு மையில் ஒரு 'அ' போட்டுக் கொடுப்பார். பக்கம் முழுக்க அதையே எழுதி வர வேண்டும். பேத்தி எழுதுவதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். முதலில் மேலிருந்து கீழ் வரை வெறும் சுழிகளாகப் போட்டாள். அப்புறம் மறுபடி மேலே போய் ஒவ்வொன்றுக்கும் வயிறு போட்டாள். கடைசியில் நேர்க்கோடுகளை வரிசையாக இழுத்தாள். மூன்றாவது வரிக்குப் பிறகு டீச்சரின் 'அ'வை அவள் பார்க்கவே இல்லை. தனக்கு மேல் வரியில் இருப்பதைப் பார்த்துப் போட்டாள், அதனால் வரிக்கு வரி எழுத்து சிதைந்துகொண்டே வந்தது. முடித்ததும், "இது என்ன கண்ணு?" என்று கேட்டேன். "ஹோம் ஒர்க்" என்றாள். அவள் கை வலித்ததே தவிர, அம்மா என்று சொல்லும்போது முதலில் வரும் சத்தம்தான் அந்த எழுத்து என்பது அவளுக்குத் தெரியவில்லை.

அன்று ராத்திரியே இன்னொன்று நடந்தது. காலண்டர் தாளைக் கிழித்து, அதன் பின்பக்கத்தில் மளிகைச் சீட்டு எழுதிக்கொண்டிருந்தேன். அவளும் ஒரு தாள் கேட்டு வாங்கி, அலை அலையாக ஐந்து கோடு போட்டாள், ஒன்றின் கீழ் ஒன்றாக. "படிச்சுக் காட்டு" என்றேன். இடப்பக்கம் விரலை வைத்து, "பால், முட்டை, தக்காளி, சோப்பு" என்று ஒவ்வொரு கோடாகப் படித்தாள். ஐந்தாவது கோடு மட்டும் தாளின் ஓரம் வரை போயிருந்தது. அது "அப்பாவுக்குப் பேனா வாங்கணும்".

அந்தத் தாளில் ஒரு எழுத்துகூட இல்லை. ஆனால் இடமிருந்து வலமாக எழுத வேண்டும், சீட்டு மேலிருந்து கீழே இறங்கும், ஒரு பொருளுக்கு ஒரு வரி, நீளமாகச் சொன்னால் நீளமாக எழுத வேண்டும், எழுதியதைத் திரும்பப் படிக்கலாம் என்பதெல்லாம் அவளுக்குத் தெரிந்திருக்கிறது. இது யாரும் உட்காரவைத்துச் சொல்லிக்கொடுத்ததில்லை. நான் சீட்டு எழுதுவதைப் பார்த்துப் பார்த்து அவளாகப் பிடித்துக்கொண்டது. நியூசிலாந்தில் மேரி க்ளே என்ற அம்மையார் 1960-களிலேயே இதைக் கவனித்து, எழுத்தறிவு பள்ளிக்கு முன்பே முளைவிடத் தொடங்கிவிடுகிறது என்று சொன்னார். குழந்தைக்கு அச்சைப் பற்றி என்ன தெரியும் என்று பார்க்க அவர் ஒரு சோதனையும் வகுத்தார். அதைப் போன்ற ஒன்றை நீங்களே செய்து பார்க்கலாம். கதைப் புத்தகத்தைத் தலைகீழாகக் கையில் கொடுங்கள், குழந்தை திருப்பிப் பிடிக்கிறதா பாருங்கள். அப்புறம், "நான் எங்கே படிக்கணும், காட்டு" என்று கேளுங்கள். படத்தைக் காட்டினால், கதை படத்தில்தான் இருக்கிறது என்று அந்தக் குழந்தை நினைக்கிறது. அந்தக் குழந்தையை 'அ' எழுதச் சொல்வதில் என்ன பயன்?

எழுத்தைப் பற்றிக் குழந்தைகள் தாங்களாகவே சில விதிகளை வைத்திருக்கிறார்கள். எமிலியா ஃபெரெய்ரோவும் அனா டெபெரோஸ்கியும் அர்ஜென்டினாவில் ஸ்பானிய மொழிக் குழந்தைகளிடம் இதை ஆராய்ந்து 1979-இல் புத்தகமாக வெளியிட்டார்கள். பெரிய பொருளுக்குப் பெரிய வார்த்தை இருக்கும் என்று பல குழந்தைகள் நம்புகிறார்கள். குறைந்தது மூன்று எழுத்தாவது இல்லாவிட்டால் அது படிக்கக்கூடியதே இல்லை என்றும் நினைக்கிறார்கள். என் பால்வாடியிலும் இதைப் பார்த்திருக்கிறேன். 'புலி', 'வண்ணத்துப்பூச்சி' என்று இரண்டு அட்டை எழுதி, எது புலி என்று கேட்டால் நீளமானதைத்தான் எடுப்பார்கள். புலிதானே பெரிசு! 'ஈ' என்று எழுதிய அட்டையைக் காட்டினால், "இது எழுத்து டீச்சர், படிக்கிறது இல்ல" என்பார்கள். தமிழில் ஈ, பூ, கை, தீ என்று ஓரெழுத்துச் சொற்கள் நிறைய. அவற்றை முதல் பாடமாக வைப்பது நமக்கு எளிதாகத் தெரிகிறது. குழந்தைக்கு அதுதான் நம்ப முடியாத வார்த்தை. புலி, வண்ணத்துப்பூச்சி இரண்டையும் கைதட்டிச் சொல்ல வைத்தால், இதற்கு நிறையத் தட்டு, அதற்கு ரெண்டே தட்டு என்று கேட்டுக் கேட்டுத்தான் அந்த விதி மாறும். எழுத்து பொருளின் அளவைக் காட்டவில்லை, சத்தத்தைக் காட்டுகிறது என்று அப்போதுதான் பிடிபடும். பக்கம் பக்கமாகப் பார்த்து எழுதுவதில் இதற்கு இடமே இல்லை.

கதைக்கு வருகிறேன். உங்கள் பள்ளிகளில் கதை நேரம் இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் பெரும்பாலும் புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு பேச்சு வழக்கில் சொல்லிவிடுகிறோம். புத்தகத்தில் 'நரி ஓடி வந்தது' என்று இருக்கும், நாம் "நரி ஓடியாந்துச்சு" என்போம். கதை நன்றாகப் புரியும். ஆனால் வீட்டில் கேட்கும் தமிழ் வேறு, அச்சில் இருக்கும் தமிழ் வேறு. அந்த இரண்டாவது தமிழைக் குழந்தை காதால் கேட்டுப் பழகும் இடம் கதை நேரம்தான். கேட்டே பழகாத தமிழை ஒன்றாம் வகுப்பில் திடீரென்று படி என்றால், எழுத்துக்கூட்டிய பிறகும் அது என்ன வார்த்தை என்று பிடிபடாது. நான் செய்தது இதுதான்: முதல் நாள் கதையைப் பேச்சுத் தமிழில் சொல்வேன். அடுத்த மூன்று நாலு நாள் அதே புத்தகத்தை அச்சில் இருப்பது இருக்கிறபடியே படிப்பேன். நாலாம் நாள் "நரி ஓடி..." என்று நிறுத்தினால், "வந்தது!" என்று குழந்தைகளே முடிப்பார்கள்.

படிக்கும்போது விரலை வார்த்தைக்கு அடியில் நகர்த்துங்கள். படம் போட்ட புத்தகத்தில் குழந்தையின் கண் தானாக எழுத்துப் பக்கம் போவது மிகக் குறைவு என்று கண்ணசைவை அளந்து பார்த்த ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. பெரியவர் சுட்டிக் காட்டினால்தான் போகிறது. அதையும் ஒரு கதைக்கு இரண்டு மூன்று இடத்தில் செய்தால் போதும். எல்லா வரியிலும் செய்தால் கதை செத்துவிடும்.

பெற்றோர் நோட்டைக் கேட்கிறார்கள், நோட்டில் ஏதாவது இருந்தாக வேண்டும் என்பீர்கள். தெரியும், என் மருமகளும் கேட்பாள். கோடு போடாத நோட்டு ஒன்று கொடுங்கள். குழந்தை கிறுக்கியதும், "என்ன எழுதியிருக்கே?" என்று கேட்டு, அது சொன்னதைச் சொன்னபடியே டீச்சர் கீழே எழுதித் தேதி போடட்டும். ஜூனில் வெறும் கிறுக்கல், ஆகஸ்டில் அலை, டிசம்பரில் எழுத்துப் போன்ற உருவங்கள், அப்புறம் பெயரின் முதல் எழுத்து என்று வரலாம். எல்லாக் குழந்தைக்கும் இதே வரிசையில் வராது, முன்னும் பின்னும் போகும். ஆனால் மூன்று மாதத் தாள்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் எந்தப் பெற்றோருக்கும் வித்தியாசம் தெரியும்.

எழுத்தே சொல்லித்தர வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. கிறுக்கிக்கொண்டே இருந்தால் படிப்பு தானாக வந்துவிடாது, எழுத்தையும் சத்தத்தையும் ஒருநாள் முறையாகச் சொல்லித்தான் ஆக வேண்டும். அதைக் குழந்தையின் சொந்தப் பெயரிலிருந்து தொடங்கலாம். என் பேத்தியின் பெயர் 'க'வில் தொடங்கும். போன வாரம் பஸ் ஸ்டாண்டில் 'கடை' என்ற போர்டைப் பார்த்து, "ஆச்சி, என் எழுத்து!" என்று கத்தினாள். வீட்டுக்கு வந்து தரையில் கோலப்பொடியால் அதைப் போட்டாள். எழுத்து இடவலம் மாறித்தான் இருந்தது, ஆனால் என்ன எழுத்து என்று கேட்டதற்கு, "க, என் பேருக்கு முதல்ல வருமே" என்றாள்.

வரும் ஜூனில் நோட்டுகளுக்கு ஆர்டர் கொடுக்கும்போது எல்.கே.ஜி.க்குக் கோடு போடாததாகக் கேளுங்கள்.

அன்புடன்,
ஒரு பால்வாடி டீச்சர்